சம்பளத் தேதியில் சிவப்பு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் அவளுக்குத் ‘தேதியக்கா’ என்று பெயர். எந்த பில்லைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பாள். நிதி மேலாளர் அவளைப் பலிகடா ஆக்கிய தேதியும் அவளுக்கு மனப்பாடம். ஏழு மாதம், பதினொரு நாள் ஆகிறது.

நடந்தது இதுதான். வரவேண்டிய பாக்கியும் கொடுக்கவேண்டிய பாக்கியும் ஈஆர்பி என்ற கணக்கு மென்பொருளின் பணவரத்து முன்கணிப்பில் தானாகவே தேதிவாரியாக வந்து நிற்கும். சம்பளம் அப்படி வராது. மாதக் கடைசியில்தான் அது கணக்கில் ஏறும் என்பதால், முன்கூட்டியே கையால் ஒரு பதிவு வரி போட்டு வைக்க வேண்டும். “பேங்க்காரங்க வர்றாங்க, அந்த வரிய ரெண்டு நாளைக்கு எடுத்துடுங்க,” என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னார். எடுத்தாள். திரும்பப் போடட்டுமா என்று இரண்டு முறை கேட்டாள். “இருங்க, இருங்க,” என்றே இழுத்தடித்தார். சம்பளப் பணம் மிச்சம்போலத் தெரிந்து வேறு எதற்கோ போய், நூற்று நாற்பது பேருக்குச் சம்பளம் ஐந்து நாள் தள்ளிப்போனது. முதலாளியம்மா கேட்டபோது அந்த மனுஷன் கூசாமல் இவளைக் கைகாட்டினார். வரியை நீக்கியவர் என்று கணினியில் இவள் பெயர்தானே இருந்தது!

அவளுடைய தம்பி கீழே வெட்டு மெஷினில் வேலை பார்ப்பவன். “உங்கக்கா தூங்கிட்டாங்களாமே,” என்று ஒரு வாரம் அவனை வறுத்தெடுத்தார்கள். ஊதிய உயர்வு போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தம்பி தலைகுனிந்து சாப்பிட்டதைப் பார்த்ததுதான் வயிற்றெரிச்சல். ‘மாட்டாமலா போய்விடுவாய்’ என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

மாட்டினார். போன மாதக் கடைசியில் புது அச்சு மெஷின் வாங்க மேலாளர் குதித்தார். முன்பணம் மட்டும் நாற்பது லட்சம். முன்கணிப்போ இடம் கொடுக்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தரவேண்டிய ஐம்பத்தெட்டு லட்சத்துக்குக் கெடு இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி. ஆனால் அந்த ஆள் எப்போதும் கெடு தாண்டி முப்பத்தைந்து நாள் கழித்துத்தான் தருவார். பழைய வரவுகளைப் பார்த்துக் கணினி அந்தத் தாமதத்தையும் கூட்டித்தான் காட்டும்.

“தாமதத்தக் கூட்ட வேணாம், கெடு தேதியவே வைங்க. பணம் கொடுக்காம நிறுத்தி வெச்சிருக்கிற சப்ளையர் பில்லையும் சேர்க்காதீங்க,” என்றார் மேலாளர்.

அவள் ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். “என் லாகின்ல அதுக்கு அனுமதி இல்லையே சார். நீங்களே மாத்திடுங்களேன்.”

அனுமதி இருந்தது. அவர் தன் லாகினில் நுழைந்து இரண்டையும் மாற்றினார். சிவப்பாக நின்ற சம்பளத் தேதி, பணம் போதும் என்று பச்சையானது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினெட்டாம் தேதி மாதாந்திரக் கூட்டம். மெஷின் முன்பணம் இருபத்திரண்டாம் தேதி. நடுவில் நான்கு நாள் போதும். எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும், சம்பளமும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். அந்த மூன்று வாரமும் அவளுக்கு நல்ல பசி, நல்ல தூக்கம்.

கூட்டத்தில் மேலாளர் பச்சையைக் காட்டிப் பெருமை அடித்து முடித்ததும் அவள் எழுந்தாள். “மேடம், ரெண்டே ரெண்டு டிக் போட்டுப் பாக்கலாமா? தாமதத்துக்கு ஒண்ணு, சப்ளையர் பில்லுக்கு ஒண்ணு.”

போட்டாள். சம்பளத் தேதியான முப்பதாம் தேதி சிவந்தது. மைனஸ் முப்பத்துமூன்று லட்சம்.

“இவங்கதான் ஏதோ குளறுபடி...” என்று மேலாளர் ஆரம்பித்தார். அவள் மாற்றப் பதிவைத் திறந்தாள். அவர் பெயர், நாள், நேரம். அவர் முகம் செத்துப்போனதை ஆசைதீரப் பார்த்தாள். அப்பாடா, குளிர்ந்தது!

“நல்லவேளை மேடம், முன்பணம் இன்னும் போகல,” என்றாள்.

முதலாளியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நேத்தே அனுப்பிட்டேன்மா. சீக்கிரம் கட்டினா தள்ளுபடின்னு இவர்தான் நச்சரிச்சார். திரும்ப வராத பணம்.”

அன்று மதியமே மேலாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் நாற்காலி அவளுக்கு வந்தது. முதல் வேலையும் கூடவே வந்தது: கீழே போய், இந்த மாதச் சம்பளம் பாதிதான் என்று சொல்ல வேண்டும்.

சொன்னாள். கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. தம்பி மட்டும் தன் வெட்டு மெஷின் அருகே நின்றான்.

“அந்தாளு வேலைதானேக்கா?”

“அவனேதான்டா. வசமா மாட்டினான்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். இவனிடம் வரவில்லை. “போன மாசக் கடைசியில.”

“அப்பவே மேடம்கிட்ட சொல்லியிருந்தா எங்க சம்பளம் முழுசா வந்திருக்குமே?”

“அவன் தப்பிச்சிருப்பான்டா!” என்று வெடித்தாள். “ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சிருப்பான்!”

தம்பி அவளையே பார்த்தான். “போன தடவ உன்மேல தப்பில்லன்னு இத்தன பேர்கிட்டயும் சண்டை போட்டேன்க்கா,” என்றான். “இந்தத் தடவ என்ன சொல்லட்டும்?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் மெஷினைப் போட்டுவிட்டான்.