கட்டணத்துக்குள் அடங்கிய இரண்டு சொற்கள்

1957, தை மாதம். கோயமுத்தூரிலிருந்து அரிமளத்துக்கு ஆங்கிலத்தில் தந்தி வந்தது: பெண் நலமா, எந்தக் கிழமை வரலாம்? குமரப்பன் செட்டியாரின் மகள் சேதுலட்சுமியைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்டிருந்தார்கள். நலம் விசாரித்தது வெறும் சம்பிரதாயம். ஆனால், அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரம் அது.

“நல்லா இருக்கா, வெள்ளிக்கிழமை வாங்க. அம்புட்டுத்தான்” என்றார் குமரப்பன். பிள்ளைகள் ‘அப்பச்சி’ என்றழைக்கும் அவருக்கு எழுத்து தெரியாது.

மகன் ராமசுப்பிரமணியன் பி.ஏ. படித்தவன். தபாலாபீசில் படிவத்தை நிரப்பியவன் சொற்களை எண்ணினான். குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் இன்னும் இரண்டு சொற்களுக்கு இடமிருந்தது. ‘சேதுலட்சுமி வெல், கம் ஃப்ரைடே’ என்பது அவனுக்கு மொட்டையாகவும் பட்டது. ‘வெல்’லுக்கு முன் ‘ஆக்சுவலி’யையும் ‘கம்’முக்கு முன் ‘கைண்ட்லி’யையும் செருகினான். உண்மையில் நலம், தயவுசெய்து வாருங்கள் என்றாயிற்று.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிறன்று தரகர் ஆத்மநாதன் வந்தார்.

“ஏந் தம்பி, ‘உண்மையில் நலம்’னா என்ன? நலமில்லேன்னு யார் சொன்னது? அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாதே!”

“மரியாதையா இருக்கட்டுமேன்னு போட்டேன்.”

“தந்தியில சும்மா ஒரு சொல்லை எவன் போடுவான்னு கேக்குறாக. ஏதோ பேச்சு வெளியே கெளம்பிருக்கு, அதை மறுக்குறாகன்னு நெனச்சுட்டாக. அதுக்கு மேல ‘தயவுசெய்து’ வேற! பெண்ணைத் தள்ளிவிட அவசரமோன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டுச்சு.”

வெறும் ‘நலம்’ கேள்வியை முடித்துவிடும். ‘உண்மையில்’ சேர்ந்ததும் எவரோ அதை ஐயுற்றதாகிறது. சமமானவர்களுக்கு விடுக்கும் அழைப்பில், முகம் தெரியாத தந்திச் சொல்லாக வரும் ‘தயவுசெய்து’ கெஞ்சலாகிவிடுகிறது. நேரில் சொல்லியிருந்தால் குரல் காப்பாற்றியிருக்கும். ராமசுப்பிரமணியனுக்கு இது அன்று விளங்கவில்லை. தெளிவுபடுத்துவதாக எண்ணி, அன்றே ஒரு கார்டு எழுதினான்: “அடிப்படையில் சாதாரணக் காய்ச்சல்தான்.”

அடிப்படையில் அது என்றால் மேற்கொண்டு என்ன என்று கோயமுத்தூரில் கேட்டார்கள். வைத்தியரின் சான்றிதழ் வேண்டுமென்றார்கள்.

“என் மகளென்ன சந்தை மாடா? பல்லைப் பிடிச்சுப் பார்க்க!” என்று குமரப்பன் கத்தினார். சம்பந்தம் முறிந்தது. எதற்கு முறிந்தது என்று ஊர் தானாகவே ஒரு நோயைச் சொல்லிக்கொண்டது. அடுத்த ஆண்டு சேதுலட்சுமியை மலாயாவின் ஈப்போவில் தொழில் செய்த, மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு இருபது.

புறப்படும் காலையில் ராமசுப்பிரமணியன் காரின் கதவருகே நின்றான்.

“மாசம் ஒரு கடுதாசி போடுறேன் சேது.”

“வேண்டாம்ணே” என்றாள் அவள். “அப்பச்சியைப் போடச் சொல்லுங்க. எழுத்து தெரியாட்டியும் வெறும் கைநாட்டு வச்சு அனுப்பட்டும்.”