ஆசிரியர் தாண்டிப்போன வரி

மனைவி எழுதிவந்து, அவள் இறந்தபோது பாதியில் நின்ற கட்டுரையை மகளோடு உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்தார் அவர். கட்டுரை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றியது. அதில் ஒரு விதவை, "வீட்டுச் சாவி என்னிடமே இருக்கட்டும்" என்று சொல்லி மறுமணத்தை மறுக்கிறாள்.

"புரட்சிப் பெண்ணுன்னு போட்டுட்டேன்பா."

"உங்கம்மா விடமாட்டா கண்ணு. நாவல்ல அந்த விதவையோட அத்தைக்கு என்ன ஆச்சுன்னு பாரு."

மகள் நாவலைப் புரட்டினாள். கல்யாணமானதும் அக்காலச் சட்டப்படி அத்தையின் வீடு கணவனுக்குப் போகிறது, அவன் விற்றுவிடுகிறான். ஆசிரியர் அதை ஒரே வரியில் தாண்டிப்போகிறார்.

"அப்போ பயந்துதான் மறுத்தாளா?"

"அதையும் நாவல் சொல்லல. அவளுக்கு என்ன வழி இருந்துச்சுன்னு மட்டும் காட்டுவோம்."

மகள் 'புரட்சி'யை அடித்துவிட்டு அத்தையின் வரியை மேற்கோளாக எழுதினாள்.

"போன பிறகும் அம்மா என் மூக்கை உடைக்கறாங்கப்பா" என்று சிரித்தவள், அப்படியே அழுதாள்.