கட்டை விரல் யாருடையது?

பழக்கடை அக்கா ஒரு மாம்பழத்தை உயர்த்திக் காட்டினால், நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளைக் காட்டுவது போலத்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான் காட்டினாள். பழத்தின் கன்னத்தில் ஒரு குழி. கட்டை விரல் அளவு. குழியைச் சுற்றித் தோல் கறுத்துக் கிடந்தது.

"யார் வேலைன்னு சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடையைப் பார்த்தாள். பக்கத்துக் கடை பஞ்சர் அண்ணனுடையது. வாசலில் குந்தியிருந்த அண்ணன் ஒரு சைக்கிள் டயரை அமுக்கிக்கொண்டிருந்தார். சும்மா இருந்த நேரத்தில் சந்தேகம் வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. மனிதர் அந்த நேரம் பார்த்தா அமுக்க வேண்டும்!

"அக்கா, நான் இல்ல."

"போன வாரம் என் கண்ணு முன்னாடியே அமுக்கினீங்களே, அது யாரு? உங்க ஆவியா?"

அதை மறுக்க முடியாது. அமுக்கியிருந்தார். காற்று இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று காலை முதல் மாலை வரை பார்க்கும் கட்டை விரலுக்கு, பழத்தைக் கண்டாலும் அதே ஞாபகம்தான். ஆனால் அது ஒரே ஒரு பழம். அதையும் அக்கா அவர் தலையிலேயே கட்டிவிட்டாள். தினமும் காலையில் மேல் வரிசைப் பழங்களில் நான்கைந்து குழியோடு கிடக்கின்றனவே, அதற்கு யார் பொறுப்பு?

"இனிமே இந்தக் கடைப்பக்கம் வந்தா, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாங்க" என்று தீர்ப்பு சொல்லி முடித்தாள் அக்கா.

வேறு நேரமாக இருந்தால் அண்ணன் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அடுத்த நாள் விருந்து. அவர் மனைவியின் தம்பி, புதுப் பெண்டாட்டியோடு முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார். இந்த மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருஷம் அண்ணன் செக்கச் செவேலென்ற பழங்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கிப் பரிமாறினார். வெயில் பட்ட பக்கம் சிவந்திருந்ததே தவிர உள்ளே ஒரே புளிப்பு. மச்சான் ஒரு துண்டை வாயில் போட்டு ஒரு கண்ணை மூடினார். அன்றிலிருந்து மாமாவை எங்கே பார்த்தாலும் அதே கண்ணை மூடிக் காட்டுகிறார். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஒரு தடவை துக்க வீட்டில்கூட. இப்போது புதுப் பெண்டாட்டி முன்னாலும் அது நடந்தால் அண்ணன் கதி என்ன?

அண்ணி வேறு, "இந்தத் தடவையும் புளிச்சா நான் என் தம்பி பக்கம்தான். அப்புறம் நீங்க கறிவேப்பிலை வாங்கக்கூடப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லியது, கேட்கத்தான் செய்கிறது, காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

ஆகவே அன்று சனிக்கிழமை சாயங்காலமே, கடையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில், பஞ்சர் அண்ணன் வந்து நின்றார். கைகள் முதுகுக்குப் பின்னால். கட்டிக்கொள்ளச் சொன்னதை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, துண்டால் கட்டியே வந்திருந்தார். தெருவே சிரித்தது.

"சரி, பார்க்கலாம். கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. தூக்கிக் காட்டுறது நான்" என்றாள் அக்கா. சிரிப்பை அடக்கியதில் அவள் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

அண்ணன் குனிந்தார். மேல் வரிசையில் கன்னம் சிவந்த அழகி ஒன்று இருந்தது. போன வருஷம் ஏமாற்றியவளின் தங்கை.

"அதைக் காட்டுங்க."

அக்கா காம்புப் பக்கத்தை அவர் மூக்கருகே நீட்டினாள். இழுத்து முகர்ந்தார். "ஒண்ணுமே வரலியே."

"வராது. சிவப்பு வெயில் குடுத்தது. காம்படியைப் பாருங்க, இன்னும் பச்சை."

அடுத்தது பொன் நிறம், தோலும் தளர்ந்திருந்தது. முகர்ந்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அக்கா, இது கள்ளு வாசம் அடிக்குது."

"போதும், போதும், சத்தமா சொல்லாதீங்க. அது நேத்தே போக வேண்டியது" என்று அக்கா அதை அவசரமாக அடியில் தள்ளினாள்.

பின்னால் நின்ற டீச்சரம்மா பொறுமையிழந்தார். "தம்பி, பழம் வாங்குறீங்களா, பொண்ணு பார்க்குறீங்களா?"

"பொண்ணு பார்க்கிறப்ப இவ்வளவு பார்க்கலீங்க" என்றார் அண்ணன். அண்ணி காதுக்கு இது போகாமல் இருக்குமா? போனது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆள் இருந்தது.

மூன்றாவது பழம் பார்வைக்குச் சாதாரணம். பச்சை கரைந்து மஞ்சளேறிய தோல், காம்பைச் சுற்றித் தோள்கள் புடைத்து எழும்பியிருந்தன. முகர்ந்ததும் அண்ணன் கண்ணை மூடினார். இந்தத் தடவை இரண்டு கண்ணையும்.

"இதான். எப்படி இருக்கு, இறுகியிருக்கா?"

அக்கா அதை உள்ளங்கையில் ஏந்தி, ஐந்து விரலையும் சேர்த்து மெதுவாக மூடித் திறந்தாள். "லேசா இளகுது. நாளைக்கு மத்தியானம் சரியா இருக்கும்."

"காத்து கொஞ்சம் கம்மின்னு சொல்லுங்க."

"யோவ்!"

இப்படி ஐந்து பழம் தேறியது. ஆறாவதை அண்ணன் மூக்காலேயே சுட்டிக்காட்டியபோது அக்கா டீச்சரம்மாவுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஏங்க, அந்தப் பழம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

அக்காவின் வீட்டுக்காரர் என்று ஒருவர் அந்தக் கடையில் இருக்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். கடை சாத்தும் நேரத்தில் பழங்களைத் தரம் பார்த்து, நல்லதாக மேல் வரிசைக்கு அடுக்குவது அவர் வேலை. அவர் வந்தார். பழத்தை எடுத்தார். கட்டை விரலை அதன் கன்னத்தில் வைத்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார்.

"பழுத்திருக்கு" என்றார்.

டீச்சரம்மா முதலில் குழியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். தராசு முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"தினமும் ராத்திரி இப்படித்தான் தரம் பார்ப்பீங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்பதுதான் பயம்.

"அமுக்கலையே. சோதிச்சேன்."

"நல்ல பழத்தையெல்லாம் சோதிச்சுக் கெட்ட பழமாக்கி, மேல் வரிசையில அடுக்கி வெச்சீங்க!"

பஞ்சர் அண்ணன் அந்த நிமிஷத்தில் எவ்வளவோ பேசியிருக்கலாம். கடை வாசலில் வைத்து வாங்கிய ஏச்சு கொஞ்சமா? ஆனால் மனிதர் பரிதாபமாக, "அக்கா, துண்டை அவுத்து விடுங்க, மூக்கு அரிக்குது" என்று மட்டும் சொன்னார். டீச்சரம்மாதான் அவிழ்த்துவிட்டார். அக்கா ஆறாவது பழத்தை மாற்றி, தானே முகர்ந்து பார்த்து வேறொன்றை வைத்தாள். மன்னிப்பு என்று வாயால் எதுவும் வரவில்லை. காகிதத்தை மட்டும் இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கொடுத்தாள். அவள் அகராதியில் அதுவே சாஷ்டாங்க நமஸ்காரம்.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டில் தயிருக்கு உறை கேட்க எனக்குப் போக வேண்டியிருந்தது. போன நேரம் சரியாகப் பழம் நறுக்கும் நேரம். மச்சான் ஒரு துண்டை எடுத்தார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. மச்சான் மென்றார். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. இன்னொரு துண்டை எடுத்தார்.

"அக்கா, நீ வாங்கினியா?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பொண்ணு பார்த்த கதை அவள் காதில் விழுந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் வாங்கினேன் என்று சொல்லிப் பழி தீர்த்திருக்கலாம்.

"உங்க மாமாதான். கையால தொடாமலே வாங்கினார்."

புதுப் பெண் வியப்போடு மாமாவைப் பார்த்தாள். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "கையால தொடாமலா? பஞ்சரையும் அப்படியே ஒட்டுவாரா?" என்றார்.

சொல்லும்போதே அவர் கை மூன்றாவது துண்டுக்குப் போயிருந்தது. அண்ணன் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.