ஒரு கூரைக்கு இரண்டு வயிறு

அழகம்மா கர்ப்பமாக இருக்கிறாள் என்று கண்டுபிடித்தவள் அவளுடைய நாத்தனார் பாலம்மா. அழகம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஆனால் பாலம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அதற்கு அப்பீல் கிடையாது.

"மூணு மாசமா குளிக்கல. மார்கழிப் பனியில வேர்த்துக் கொட்டுது. ராத்திரி ஆந்தை மாதிரி முழிச்சிருக்கா. வேற என்னவாம்?"

முந்தைய மாதங்களில் தீட்டு அடுத்தடுத்து வந்து படுத்தியதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

மகன் வெளியூரில் வேலை. மருமகள் பரிமளத்துக்கு எட்டாம் மாதம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு வயிறு ஆகாதாம். ஒருத்தி வெளியேற வேண்டுமாம். தாயில்லாத பரிமளத்தை அம்பிட்டியவில் வாடகை அறையில் கிடக்கும் அண்ணனிடம் அனுப்புவதாகப் பாலம்மாவே முடிவுகட்டினாள். அழகம்மாவின் புருஷன் கறுப்பையா அக்காவை எதிர்த்து வாய் திறந்தால்தானே.

"அத்தை, நீங்க இல்லாம நான் எப்படிப் பெத்துக்குவேன்?" என்று பரிமளம் அழுதாள்.

அழகம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. போனால் கர்ப்பப்பையை அறுத்து எறிந்துவிடுவார்கள் என்ற பயம். ஆனாலும் மறுநாளே பெண்கள் கிளினிக்குக்குப் போனாள்.

மருத்துவிச்சி உம்மு குல்சும் சிறுநீரைச் சோதித்தாள். "புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

டொக்டர் பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், எல்லாவற்றையும் விசாரித்தார். "மாதவிலக்கு நிக்கிற காலம் இது. முன்னப்பின்ன வரும், திடீர்னு சூடேறும், தூக்கம் கெடும். போகப்போகத் தணியும், சிலருக்கு வருசக்கணக்கா ஆகும். தாங்க முடியலன்னா வாங்க, மருந்து இருக்கு."

"கர்ப்பப்பைய எடுக்கணுமா?"

"எதுக்கு? ஆனா ரத்தம் அளவுக்கு மீறிப் போனாலோ, ஒரு வருசம் நின்ன பொறகு மறுபடி பட்டாலோ உடனே வந்துடணும்."

வாசலில் உம்மு குல்சும் கையைப் பிடித்தாள். "இன்னும் முழுசா நிக்கல. இப்பவும் தரிக்கலாம். ஒங்க புருசன கவனமா இருக்கச் சொல்லுங்க."

"அந்த மனுசனையா?" என்று அழகம்மா சிரித்துவிட்டாள்.

லயத்தில் பரிமளத்தின் பை கட்டி வாசலில் இருந்தது. பக்கத்தில் பாலம்மா காவல்.

"வயிறு ஒண்ணுதான் மதினி. அது இவளோடது."

"ஆஸ்பத்திரிக்காரங்க வாய்க்கு வந்தத சொல்லுவாங்க."

"அப்படி எனக்கு இன்னொண்ணு இருந்தா நான் ரோட்டுல நின்னு பெத்துக்குறேன். இவ இங்கதான் பெறுவா. நான்தான் பக்கத்துல இருப்பேன்."

கறுப்பையா பீடியைக் கீழே போட்டான். "போதும் அக்கா," என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அக்காவிடம் அப்படிச் சொன்னதில்லை.

அழகம்மா பையைத் தூக்கினாள். நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறியது, நெற்றி வேர்த்தது. அவள் பயப்படவில்லை.

"மதினி, கொஞ்சம் நகருங்க," என்றாள். "காத்து வரட்டும்."