பச்சையாகக் கிடந்த நாற்பத்தேழு

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்த ஆலையில், மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் புதிய லைன் ஓட வேண்டும். லைனுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் பிரவீனா. "எல்லாம் முடிஞ்சுது சார்" என்று காலையில்தான் பிளான்ட் மேனேஜர் குருமூர்த்தியிடம் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பதினொன்றரைக்கு லேப்டாப்பில் வேலைப் பட்டியல் போர்டைத் திறந்தாள். வேலைக்கொரு டிக்கெட்; அறுபத்திரண்டும் பச்சை, அதாவது முடிந்தவை. பச்சையைப் பார்த்ததும் டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. பிரவீனா ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிற ரகம். நாற்பத்தேழில் கை நின்றது. 'நெட்வொர்க் அறுந்தால் கேட் மூட வேண்டும்.' உள்ளே டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை, சோதித்தவர் பெயர்கூட இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பாகமும் கசிவுச் சோதனைக்குப் போகும். முடிவு சர்வருக்கு வரும். கசியவில்லை என்றால் சர்வர், லைனை இயக்கும் பி.எல்.சி. பெட்டிக்கு 'விடு' என்று சொல்லும். கேட் திறந்து பாகம் பேக்கிங்குக்குப் போகும். கசிந்தால் 'விடாதே'. நடுவில் ஒயர் அறுந்து சர்வர் வாயடைத்துப் போனால், கேட் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

ஓட்டமாக லைனுக்குப் போய் பி.எல்.சி. இன்ஜினியர் சென்னகிருஷ்ணனைப் பிடித்தாள். நல்ல பாகம் ஒன்றை விட்டார்கள், கேட் திறந்தது. கேபிளைப் பிடுங்கினாள். திரை சிவந்து எச்சரித்தது. இப்போது சோதனைக்கென்றே ஓட்டை போட்டு வைத்திருந்த பாகம். அது திறந்த கேட் வழியாக ஜம்மென்று பேக்கிங் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

"கடைசியா சொன்ன 'விடு' அப்படியே உள்ள நின்னுக்குது மேடம். அதை அழிக்கற புரோகிராம் நான் எழுதவே இல்ல. எனக்கு அந்த வேலை வரவே இல்லீங்களே!"

யார் விழுங்கியது? டிக்கெட்டின் ஹிஸ்டரியை ஆவேசமாகத் திறந்தாள். நாற்பத்தேழுக்குக் கீழே இரண்டு வேலைகள் இருந்திருக்கின்றன: ஒன்று திரையில் எச்சரிக்கை, இன்னொன்று பி.எல்.சி. கேட்டை மூடுவது. மூன்று வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் பார்வைக்குப் போர்டு சுத்தமாக இருக்கட்டும் என்று யாரோ இரண்டாவதை நாற்பத்தேழிலிருந்து கழற்றி, அடுத்த சுற்றுக்குத் தள்ளியிருந்தார்கள். மிச்சமிருந்தது முடிந்த வேலை. கீழே எல்லாம் முடிந்தால் மேலே தானாகப் பச்சையாகும் என்பது போர்டின் விதி, அது பச்சையாக்கிவிட்டது. கழற்றிய வேலை யார் பெயரும் இல்லாமல் பட்டியலின் அடியில் கிடந்தது.

கழற்றியவர்: பிரவீனா. விதியைப் போட்டவளும் அவளே. வெட்கத்தில் காது சுட்டது.

போனை எடுத்தாள். குருமூர்த்தி வந்து, பேக்கிங் பெட்டிக்குள் கை விட்டு, ஓட்டைப் பாகத்தை எடுத்துப் பார்த்தார்.

"காலைல என்னம்மா சொன்னீங்க?"

"முடிஞ்சுதுன்னு சொன்னேன் சார். அது தப்பு. என் கையால ஆனது. கேட் மூடறத கண்ணால பாக்கற வரைக்கும் லைன் ஓட வேணாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப மூடிக் காட்டுங்க."

சென்னகிருஷ்ணன் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். இனி சர்வர் நொடிக்கொரு முறை ஓர் எண்ணை மாற்றி அனுப்பும். மூன்று நொடி எண் மாறவில்லையென்றால் பி.எல்.சி. 'விடு'வை அழித்துக் கேட்டை இறக்க வேண்டும். ஒரு மணிக்கு முதல் முயற்சி. கேபிளைப் பிடுங்கினார்கள்; கேட் விழுந்தது! இருவரும் கத்தியே விட்டார்கள். கேபிளைத் திரும்பச் செருகியதும் சர்வர் பழைய 'விடு'வை மறுபடி அனுப்ப, கேட் திறந்து ஓட்டைப் பாகம் மறுபடியும் ஓடியது.

"அடப்பாவி!" என்றான் சென்னகிருஷ்ணன், கேட்டைப் பார்த்து.

இணைப்பு திரும்பினாலும், உள்ளே நிற்கும் பாகத்தை மறுபடி சோதிக்காமல் திறக்கக் கூடாது என்று இன்னொரு பூட்டுப் போட்டான். ஒன்று ஐம்பதுக்குப் பிடுங்கி, செருகி, மறுபடி பிடுங்கினான். விழுந்த கேட் அசையவில்லை. பிரவீனாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"பச்சை பண்ணிடலாமா மேடம்?"

"இருங்க." ஷிப்டுக்கு வந்து நின்ற பொற்கொடியை அழைத்தாள். இனி எட்டு மணி நேரம் இந்தக் கேட்டருகே நிற்கப்போகிறவள். "அக்கா, நீங்க புடுங்குங்க."

பொற்கொடி தயங்கி, பிறகு சடாரென்று இழுத்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு." டக்! ஓட்டைப் பாகம் கேட்டில் முட்டி நின்றது. திரும்பச் செருகினாள். நின்றது நின்றதுதான். கேட்டைக் கையால் தூக்கிக்கூடப் பார்த்தாள்.

"இந்த பிரேக்கு போட்ட வண்டிலதான் எங்க ஊட்டுக்காரரு தெனம் கெலமங்கலம் போயிட்டு வராரு மேடம்" என்றாள் சிரித்துக்கொண்டு. "நிக்குது."

பிரவீனா அந்தத் தானியங்கி விதியை அழித்தாள். சோதித்தவர் என்ற கட்டத்தில் 'பொற்கொடி' என்று அடித்தாள். பிறகுதான் நாற்பத்தேழைப் பச்சையாக்கினாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது.