சிவப்புக் கோடும் மூன்று மில்லியும்

என் மாமியாருக்கு என்மேல் கோபமெல்லாம் கிடையாது. நம்பிக்கைதான் கிடையாது. ஆம்பளை கையில் குழந்தையை விட்டுவிட்டு அம்மாக்காரி வேலைக்குப் போவதா என்று ஊரையே கூட்டாத குறையாகப் புலம்பிவிட்டு, கடைசியில் என்னைக் கண்காணிக்க அவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

என் மனைவிக்குத் துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்த முதல் வாரம் அது. சோதனைக் காலம். ஷிப்ட் நடுவில் கிளம்பினால் மறுநாள் வரவேண்டாம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக அவள் எத்தனை கதவைத் தட்டினாள் என்று எனக்குத் தெரியும். நான் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன். மழைக்காலத்தில் எனக்கு வேலை இராது. அதனால் வாலுவை நான் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வாலு எங்கள் மகள். அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அன்று மதியம் வாலுவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெப்பமானி நூற்றிரண்டு காட்டியது. பால் குடித்தாள், என் மூக்கைப் பிடித்து இழுத்தாள், ஆனால் கன்னமெல்லாம் சிவந்துபோய்ச் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். மாமியாருக்கு இது போதாதா? மகளுக்குப் போன் போடு, உடனே கிளம்பி வரச்சொல் என்றார். முதலில் மருந்து கொடுப்போம் அத்தை, பிறகு பார்க்கலாம் என்றேன். சரி என்று அலமாரியைத் திறந்தார்.

காய்ச்சல் மருந்துக்கு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அளக்கும் மூடியில் ஐந்து மில்லி இருக்குமிடத்தில் என் மனைவி நகச்சாயத்தால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். யார் கொடுத்தாலும் கோடு வரை ஊற்று, முடிந்தது கதை. பழைய பாட்டில் தீர்ந்துபோனதால் இரண்டு நாள் முன்பு நான் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். அதே நிறுவனம், அதே ஆரஞ்சு வாசனை, லேபிளில் அதே சிரிக்கும் குழந்தை. மாமியார் அசராமல் கோடு வரை ஊற்றிவிட்டார்.

எந்த டப்பாவைத் திறந்தாலும் லேபிளைப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. அது தொழில் வியாதி. பாட்டிலைத் திருப்பினேன். ஐந்து மில்லியில் இருநூற்றைம்பது மில்லிகிராம் என்று போட்டிருந்தது. குப்பைக்குப் போகாமல் கிடந்த பழைய பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மில்லியில் நூற்றிருபது. அதே அளவு தண்ணீரில் இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து.

"அத்தை, கொடுக்காதீங்க. இது கெட்டி மருந்து."

"எப்பவும் குடுக்குற அளவுதானே மாப்பிள்ளை? கோடு அதேதானே?"

கோடு அதேதான் அத்தை, உள்ளே இருப்பது வேறு என்றேன். வண்ணத்தையே உதாரணம் காட்டினேன்: ஒரு வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதா கணக்கு, எவ்வளவு சாயம் கரைந்திருக்கிறது என்பதல்லவா கணக்கு? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தை கொதிக்கிறது, இவன் வாளியைப் பற்றிப் பேசுகிறான் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. பத்து நிமிடத்தில் மருந்து உள்ளே போகவில்லை என்றால் மகளுக்குப் போன் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்பவர்.

குழந்தை மருத்துவர் போன முறை சொன்னது நினைவிருந்தது: வயதைப் பார்க்காதே, எடையைப் பார்; இந்த மருந்து ஒரு வேளைக்குக் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். அப்போது வாலு எட்டு கிலோ. எட்டுப் பதினைந்து நூற்றிருபது, அதற்குத்தான் பழைய மருந்தில் ஐந்து மில்லி, அதற்குத்தான் அந்தக் கோடு. ஆனால் அது நடக்கத் தெரியாத காலம். இப்போது இந்தக் குண்டுப்பெண்ணின் எடை என்ன?

எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்கச் சொன்னால் நிற்பவளா வாலு? அவளைத் தூக்கிக்கொண்டு நானே ஏறினேன். எண்பத்து நான்கு. அவளை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தனியே ஏறினேன். எழுபத்து நான்கு. ஆக, மகள் பத்து கிலோ. பத்துப் பதினைந்து நூற்றைம்பது மில்லிகிராம் வேண்டும். அதுவரை சறுக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த படியில்தான் குப்புற விழுந்தேன். போனில் நூற்றைம்பதை இருநூற்றைம்பதால் வகுத்தேன். புள்ளி ஆறு வந்தது. அப்படியென்றால் அரை மில்லி சொச்சம். மாமியார் எட்டிப் பார்த்து, "நாலு சொட்டுல காய்ச்சல் போயிடுமா?" என்றார். சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பழைய மருந்தில் ஐந்து மில்லி குடித்தவளுக்கு, இது இரண்டு மடங்கு கெட்டி என்றாலும், எட்டில் ஒரு பங்கா போதும்? எங்கோ இடிக்கிறதே.

லேபிளை மறுபடி படித்தேன். இருநூற்றைம்பது ஒரு மில்லியில் இல்லை, ஐந்து மில்லியில். நான் அந்த ஐந்தை அப்படியே விழுங்கிவிட்டிருந்தேன். இருநூற்றைம்பதை ஐந்தால் வகுத்தால் ஒரு மில்லியில் ஐம்பது. நூற்றைம்பது வேண்டுமென்றால் மூன்று மில்லி. அவ்வளவுதான். மூன்று. திருப்பிப் போட்டும் பார்த்தேன்: மூன்று ஐம்பது நூற்றைம்பது, அதைப் பத்துக் கிலோவுக்குப் பங்கு போட்டால் பதினைந்து. சிவப்புக் கோடு வரை கொடுத்திருந்தால் கிலோவுக்கு இருபத்தைந்து போயிருக்கும், அதுவும் வேளாவேளைக்கு.

ஆனாலும் என் கணக்கை நானே மெச்சிக்கொண்டு மகள் வாயில் ஊற்ற எனக்குத் தைரியம் இல்லை. மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். மருந்தாளுநர் அம்மாவிடம் எடை, பாட்டிலின் வீரியம், என் விடை என எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். எதிர்முனையில் பேனா கிறுக்கும் சத்தம். மாமியார் காதை என் போனோடு ஒட்டி வைத்திருந்தார்.

"மூணு மில்லி. சரியா போட்டிருக்கீங்க. மூடியில ஊத்தாதீங்க, பெட்டியில இருக்குற சிரிஞ்சுல அளந்து குடுங்க. காய்ச்சல் விடலைன்னாலோ குழந்தை சோர்ந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

ஊசியில்லாத அந்தச் சிரிஞ்சில் மூன்று வரை இழுத்தேன். வாலு பாதியைத் துப்பிவிடுவாள் என்று பயந்தேன். கன்னத்தின் ஓரமாக மெல்லச் செலுத்தியதும் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். கிடையாது என்றேன். அழுதாள். கொடுத்த நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். நெற்றியில் போட ஈரத் துண்டைத் தேடிய மாமியாரை, மருந்தே போதும் என்று தடுக்காமல் விட்டேன். ஒரே நாளில் இரண்டு சண்டை வேண்டாமே.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், வாலு வியர்த்தாள். வெப்பமானி தொண்ணூற்றொன்பதரை என்றது. பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு, மீதியை என் காதுக்குள் வைத்தாள். எனக்குக் கூரைமேல் ஏறிக் கத்தவேண்டும் போலிருந்தது. ஒரு முழுக் கட்டடத்துக்கு வண்ணம் அடித்து முடித்து இறங்கியபோதுகூட இப்படி மார்பை நிமிர்த்தியதில்லை.

இடைவேளையில் மனைவி கூப்பிட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் என்றதுமே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளம்ப எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. புது பாட்டில், பத்து கிலோ, நூற்றைம்பது, ஒரு மில்லியில் ஐம்பது, மூன்று மில்லி என்று நான் வரிசையாகச் சொன்னதை அவள் வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்ப்பது கேட்டது. இருந்தாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. நான் வந்துடட்டுமா என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். தீர்ந்தது, இனி வேலை போச்சு என்று நினைத்தேன்.

"நீ வேலையைப் பாரு. இங்க மாப்பிள்ளை இருக்காரு."