இரண்டு கோடிட்ட இடங்கள்

செஞ்சியில் பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறை. 1966 ஆவணி மாதத்து மத்தியானம். தமிழாசிரியை நீலாஞ்சனா எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு எழுதிய கேள்விகளை அவள் தோழி ஜாஹிதா பேகம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலையின் அடிவாரம் மழைமூட்டத்தில் கரைந்து, உச்சி மட்டும் வானத்தில் மிதந்தது.

கடைசிக் கேள்வியில் நிரப்ப வேண்டிய இடங்கள் இரண்டு.

“மாற்றல் உத்தரவைக் கண்டு அவள் ____, ஆனாலும் தோழியைப் பிரிவதை எண்ணியதும் மனம் ____.”

கீழே நான்கு விடைகள்:
அ) மகிழ்ந்தாள் – துள்ளியது
ஆ) வருந்தினாள் – கனத்தது
இ) மகிழ்ந்தாள் – பேஜாராயிடுச்சு
ஈ) மகிழ்ந்தாள் – கனத்தது

“பிரியறப்ப மனசு துள்ளாது. ‘வருந்தினாள்’னா நடுவுல ‘ஆனாலும்’ நிக்காது. ‘பேஜாராயிடுச்சு’ அர்த்தம் சரிதான், ஆனா எழுத்துத் தமிழோட ஒட்டல. ரெண்டு வார்த்தையும் பொருந்துறது கடைசிதான்” என்றாள் ஜாஹிதா.

நீலாஞ்சனா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஜாஹிதா வாக்கியத்தை மறுபடி மெல்லப் படித்தாள்.

“நீலா, உனக்கு மாற்றல் வந்துட்டுதா?”

“திருவண்ணாமலைக்கு. இனிமே அம்மாகூடவே இருக்கலாம். உன்கிட்ட வாயால சொல்ல வரல.”

வெளியே தூறல் ஓசையின்றி விழுந்தது. ஜாஹிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இது எனக்கு எழுதின கேள்வி. பொண்ணுங்களுக்கு வேணாம்” என்று தாளில் அந்தக் கேள்வி இருந்த பகுதியைக் கிழித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, மழையையும் ஏரியையும் வைத்து வேறொரு வாக்கியம் எழுதத் தொடங்கினார்கள்.